நேர்ச்சை: நேர்ந்துகொண்டதைச் செய்ய முடியாமல் போனால்?

ஆகஸ்ட் மாதம் கொடைக்கானல் சலேத் மாதா திருவிழா முடிந்ததும், பழனிமலை ஊர்களில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் காவி உடுத்திக் கிளம்புகிறார்கள். மலைப்பாதையில் வத்தலக்குண்டுக்கு இறங்கி, சமவெளியில் நடை தொடரும். மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். ‘இந்த வருஷம் போக முடியவில்லை, மாதா தண்டிப்பாரோ’ என்ற பயமும் அதே நாட்களில்தான் தலைதூக்கும். இந்தப் பயத்தில் பாதிக்குச் சொற்குழப்பம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

நாம் பொதுவாகச் சொல்வது ‘வேண்டுதல்’. கடவுளிடம் கேட்பதும் வேண்டுதல், கேட்டது கிடைத்தால் இதைச் செய்வேன் என்பதும் வேண்டுதல். திருச்சபை இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ‘வோவேரே’ (உறுதி கொடுப்பது) என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த ‘வோத்தும்’ இரண்டாவதை மட்டுமே குறிக்கும். அதற்குச் சரியான தமிழ் ‘நேர்ச்சை’. நேர்தல் என்றால் உடன்படுதல், கொடுக்க இசைதல். சீர்திருத்தச் சபையார் சொல்லும் ‘பொருத்தனை’யும் இதே பொருள்தான். கன்னியர், துறவியர் கொடுப்பது ‘வார்த்தைப்பாடு’. அது பொதுவில் கொடுப்பது, அதன் விதிகள் வேறு.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1191-ஆம் விதி, நேர்ச்சை என்பது செய்யக்கூடிய, மேலான ஒரு நன்மையைப் பற்றி யோசித்து, சுதந்திரமாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு என்கிறது. ‘செய்யக்கூடிய’ என்ற சொல் வரையறைக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். ‘நடந்து போகலாமே’ என்று மனதில் நினைத்தது வெறும் தீர்மானம், நேர்ச்சை ஆகாது. ஒருவர் அநியாயமாக மிரட்டி நேரவைத்திருந்தால், அந்தப் பயம் கடுமையானது என்றால், சட்டப்படியே அது செல்லாது. நோயைக் கண்டு தானாக வந்த பயம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் பதற்றத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே வாயில் வந்ததை, யோசித்துக் கொடுத்த வாக்கு என்று சொல்ல முடியாது.

இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெருமாள்மலையில் ஒரு அம்மா. மகனுக்கு ஆறு வயதில் கடும் காய்ச்சல். ‘பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவேன், அவனும் வந்து மொட்டை போடுவான்’ என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். இப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, கோயம்புத்தூரில் வேலை, மொட்டை போட மாட்டேன் என்கிறான். அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். மருத்துவர் நடக்கவே கூடாது என்றுவிட்டார்.

முதலில் மகன். நேர்ச்சை நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது 1193-ஆம் விதி. அம்மா அவனுக்காக வாக்குக் கொடுக்க முடியாது. அவன் மறுப்பதால் அவனுக்கும் பாவமில்லை, அம்மாவுக்கும் இல்லை.

அப்புறம் நடை. நேர்ந்துகொண்ட விஷயம் அடிப்படையிலேயே மாறிவிட்டால் நேர்ச்சை முடிந்துவிடும் என்கிறது 1194. நடக்கவே முடியாத முட்டிக்கு அந்த நடை இனி ‘செய்யக்கூடிய’ ஒன்றே அல்ல. ஆனாலும் அம்மாவுக்கு மனம் ஆறாது. கொஞ்ச தூரம் இழுத்துப் பறித்து நடந்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாகத் தானே மாற்றிக்கொள்வது. இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மற்றது, பங்குத்தந்தையிடம் போவது. தகுந்த காரணம் இருந்தால், வேறு யாருடைய உரிமையும் பாதிக்கப்படாத வரை, தனி நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவோ சிறியதொன்றாக மாற்றித் தரவோ அவருக்கு அதிகாரம் உண்டு. ஆயர் வரைக்கும் போக வேண்டியதில்லை. ‘நடைக்குப் பதில் ஒரு மெழுகுவர்த்தி’ என்று தானே குறைத்துக்கொள்வது மட்டும் சரியில்லை. குறைப்பதென்றால் அவரிடம் கேட்டுத்தான்.

இது புதிய சலுகையும் அல்ல. லேவியர் 27-ஆம் அதிகாரத்தில் நேர்ச்சைக்குப் பணமதிப்பு விதித்திருக்கிறார்கள். அதைக் கட்ட முடியாத ஏழையைக் குருவிடம் கூட்டிவர வேண்டும், அவனுடைய சக்திக்கு ஏற்பக் குரு மதிப்பிட வேண்டும் என்று எட்டாம் வசனம் சொல்கிறது.

பங்குத்தந்தையிடம் போகும்போது மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: என்ன சொல்லி நேர்ந்தீர்கள், எவ்வளவு காலத்துக்கு என்று நேர்ந்தீர்கள், இப்போது என்ன தடை. ‘பத்து வருஷம்’ என்று நேர்ந்து பத்தும் கழிந்திருந்தால் விடுதலையே தேவையில்லை, அது தானாக முடிந்தது. பெருமாள்மலை அம்மாவுக்கு அவர், பஸ்ஸில் போய்ப் பூசை கண்டு வாருங்கள், போக முடியாத வருஷம் சலேத் மாதா கோயிலில் செபமாலை சொல்லுங்கள் என்று மாற்றித் தரலாம். அதன்பின் அம்மா நிறைவேற்ற வேண்டியது இதைத்தான். பழைய நடைக்குப் பாக்கி எதுவும் இல்லை.