பன்னிரண்டால் வகுத்தால் மட்டும் போதுமா? குடும்ப ஒதுக்கு நிதியின் கணக்கு

வீவக அடுக்குமாடி வீடுகளில் வசிப்போர் நகர மன்றத்துக்கு மாதந்தோறும் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணம் முழுவதும் அன்றாடத் துப்புரவுக்கே செலவாகிவிடுவதில்லை. கட்டடத்துக்குச் சாயம் பூசுவது போன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைகளுக்காக அதில் ஒரு பகுதி தனியே சேர்த்து வைக்கப்படுகிறது. சிங்கிங் ஃபண்ட் என்று பலரும் குறிப்பிடும் இந்த ஒதுக்கு நிதியை ஒரு குடும்பமும் தன் ஆண்டுச் செலவுகளுக்காக அமைத்துக்கொள்ளலாம். மாதமும் தொகையும் ஏறத்தாழ முன்பே தெரிந்த செலவுகளுக்கு மட்டுமே அது உரியது. எதிர்பாராத மருத்துவச் செலவுக்காக வைத்திருக்கும் அவசரச் சேமிப்போடு அதைக் கலந்தால் இரண்டின் கணக்கும் குழம்பிவிடும்.

ஆண்டுச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதந்தோறும் ஒதுக்கும்படிதான் பெரும்பாலும் அறிவுரை சொல்லப்படுகிறது. நிதி நிலைபெற்ற பிறகு அது சரியான கணக்குதான். ஆனால் தொடங்கும் ஆண்டில் அது பலரைக் கைவிடுகிறது என்பதால் அந்த ஓராண்டைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

ஒரு குடும்பத்துக்கு மூன்று ஆண்டுச் செலவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2026இல் தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி வந்தாலும், துணிமணிகளும் பலகாரப் பொருள்களும் வாங்கத் தேக்காவுக்குப் போவது அக்டோபரில் என்பதால், தீபாவளிச் செலவான 1,200 வெள்ளியை அக்டோபர் கணக்கில் எழுத வேண்டும். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால் இரண்டு பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் சீருடைகளுக்கும் டிசம்பரில் 600 வெள்ளி தேவைப்படும். மார்ச்சில் ஆயுள் காப்புறுதிச் சந்தா 1,800 வெள்ளி. மொத்தம் 3,600, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 300 வெள்ளி.

இக்குடும்பம் ஜூலையில் தொடங்கி மாதம் 300 ஒதுக்கினால், அக்டோபரில் சேர்ந்திருக்கும் 1,200 தீபாவளிக்குச் சரியாகப் போதும். நவம்பர், டிசம்பரில் சேரும் 600 புத்தகச் செலவுக்குச் சரியாகப் போதும். இரண்டு முறையும் கணக்கு பிசகாததால் திட்டம் நன்றாக நடக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிடும். ஆனால் மார்ச்சில் கையில் 900 மட்டுமே இருக்க, 1,800 கட்ட வேண்டியிருக்கும். குறை 900 வெள்ளி. ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்திருக்க வேண்டிய பணம் சேராமல் போனதே இதற்குக் காரணம்.

எனவே தொடங்கும்போது, அடுத்த பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாத இறுதியிலும் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டு, மிகத் தாழ்ந்த இருப்பு எந்த மாதத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது சுழியத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ, அந்தத் தொகையைத் தொடக்கத்திலேயே போட வேண்டும். ஆண்டு இறுதிப் போனஸ் கிடைத்தால் அதிலிருந்தும் போடலாம். இங்கே பணம் குறைவது மார்ச்சில்தான் என்பதால் டிசம்பர்ப் போனஸ் உரிய நேரத்தில் வந்துவிடும். இரண்டும் இயலாதவர்கள், ஜூலை முதல் மார்ச் வரையுள்ள ஒன்பது மாதங்களுக்கு 3,600ஐப் பகிர்ந்து, மாதம் 400 ஒதுக்கலாம். அக்டோபரில் 400, டிசம்பரில் 600 மிஞ்சி, மார்ச்சில் சந்தா கட்டியதும் கணக்கு சுழியத்துக்கு வரும். ஏப்ரல் முதல் மாதம் 300 போதும்.

அதன்பின் கணக்கில் பணம் ஏறும். செப்டம்பர் இறுதியில் இருப்பு 1,800 வெள்ளியாக இருக்கும். எடுத்துச் செலவழிக்கத் தோன்றும் நேரம் அதுதான். அடுத்த மாதமே 1,200 போகவிருக்கிறது என்பது வங்கிச் செயலியில் தெரியாது. மாதவாரியாக எழுதிவைத்த தாளில்தான் தெரியும். எழுதிய இருப்பும் உண்மையான இருப்பும் எந்த மாதம் முதல் வேறுபடத் தொடங்கின என்று பார்த்தாலே தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

மாதத் தவணையிலேயே சந்தாவைக் கட்டிவிடலாமே என்று தோன்றலாம். மாதந்தோறும் கட்டுவோரிடம் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே வாங்குகின்றன. ஆண்டுச் சந்தாவை 0.0875ஆல் பெருக்கி மாதத் தவணையைக் கணக்கிட்டால், 1,800 வெள்ளிச் சந்தாவுக்கு மாதம் 157.50, ஆண்டுக்கு 1,890 ஆகிறது. ஒதுக்கு நிதி வைத்திருப்பவருக்கு அந்த 90 வெள்ளி மிச்சம்.

தொகைகளும் மாறாமல் இருப்பதில்லை. மருத்துவமனைக் காப்புறுதியின் சந்தா வயதோடு ஏறுவதால், மெடிசேவ் போக ரொக்கமாகக் கட்ட வேண்டிய பகுதியும் கூடிக்கொண்டே போகலாம். மார்ச்சில் கட்ட வேண்டிய ஒரு சந்தா 180 வெள்ளி கூடுகிறது என்று டிசம்பரில் கடிதம் வந்தால், உடனே பன்னிரண்டால் வகுத்து மாதம் 15 கூட்டினால் மார்ச்சுக்குள் 45 மட்டுமே சேரும். மீதமிருக்கும் மூன்று மாதங்களால் வகுத்து, மார்ச் வரை 60 கூட்டி, ஏப்ரல் முதல் 15 கூட்ட வேண்டும். சந்தா சம்பளக் கணக்கிலிருந்து ஜைரோ வழியாகக் கழிக்கப்படுவதானால், ஒதுக்கிய பணத்தைச் சில நாள்களுக்கு முன்பே அந்தக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் முழுத் தொகையும் தயாராக இருந்தும் கழிப்பு தோல்வியடையும்.