ஜிமெயில் மாறினால் வாட்ஸ்அப் பேக்கப் கூடவே வருமா?

புதுச்சேரியில் பொறியியல் முடித்துவிட்டு நெல்லிக்குப்பம் திரும்பியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, காலேஜ்ல கொடுத்த மெயில் ஐடியைத்தான் நாலு வருஷமா போன்ல வச்சிருந்தேன். இந்த மாசக் கடைசியில அதை மூடப்போறாங்களாம். புதுசா ஜிமெயில் ஆரம்பிச்சு போன்ல சேர்த்துட்டேன். பழைய மெயில், டிரைவ் ஃபைல் எல்லாம் கூகுள் டிரான்ஸ்ஃபர் மூலமா புதுசுக்கு வந்துடுச்சு. வாட்ஸ்அப் பேக்கப்பும் வந்திருக்கும்தானே?"

வந்திருக்காது. ஆனால் அவருடைய உரையாடல்கள் இன்னும் தொலைந்துபோகவும் இல்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆண்ட்ராய்டு போனையும் கூகுள் கணக்கையும் வைத்தே பேசுகிறேன். ஐபோனில் பேக்கப் ஐகிளவுடுக்குப் போகும். அங்கே வழி வேறு.

கல்லூரிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்காக கூகுள் ஒரு வசதி தருகிறது. Transfer your content என்று பெயர். மெயில்களையும் My Drive கோப்புகளையும் சொந்தக் கணக்குக்குப் பிரதி எடுத்துத் தரும். ஆனால் வாட்ஸ்அப் பேக்கப் My Drive-இல் இருப்பதே இல்லை. டிரைவைத் திறந்து தலைகீழாக நின்று தேடினாலும் கோப்புப் பட்டியலில் அது கண்ணில் படாது. கூகுள் டிரைவில் ஒவ்வொரு செயலிக்கும் தனியாக மறைவிடம் ஒன்று கொடுக்கும் ஏற்பாடு உண்டு. நிரல் எழுதுபவர்கள் அதை appDataFolder என்பார்கள். அதற்குள் இருப்பதை அந்தச் செயலி மட்டுமே படிக்கலாம், எழுதலாம். கணக்கின் சொந்தக்காரரே ஆனாலும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கலாம், வேண்டாமென்றால் அழிக்கலாம், அவ்வளவுதான். யாருக்கும் பகிர முடியாது, மறைவிடத்தை விட்டு வெளியே நகர்த்தவும் முடியாது. நகர்த்தும் கருவிக்குக் கண்ணிலேயே படாத ஒன்றை அது எப்படி நகர்த்தும்?

இங்கே வேறொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "மெயில் ஐடி மாத்திட்டேன்" என்று இரண்டு வேறு காரியங்களைச் சொல்கிறார்கள். கூகுளைப் பொறுத்தவரை மின்னஞ்சல் முகவரி என்பது நம் கணக்குக்கு வெளியே ஒட்டிய சீட்டு. உள்ளே ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத அடையாள எண் உண்டு. ஜிமெயில் அல்லாத முகவரியில் கூகுள் கணக்கு வைத்திருப்பவர், அதே கணக்கின் அமைப்புகளுக்குள் போய் முகவரியை மட்டும் மாற்றினால் அந்த எண் மாறாது. பேக்கப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிதாகக் கணக்குத் தொடங்கினால் எண்ணே வேறு. கூகுளின் கண்ணுக்கு அவர் வேறு ஆள். வாசகி செய்திருப்பது இரண்டாவது.

ஆகவே பேக்கப்பை "மாற்றுவது" என்று நாம் சொன்னாலும், நடப்பது என்னவோ போனில் இருக்கும் உரையாடல்களைப் புதிய கணக்கில் முதலிலிருந்து எழுதுவதுதான். பழைய பேக்கப்புக்கு அதில் வேலையே இல்லை. போனில் இருப்பதுதான் அசல், கூகுள் கணக்கில் இருப்பது அதன் நகல். போனில் உரையாடல்கள் இருக்கும்வரை எந்தக் கணக்குக்கும் புது நகல் எடுக்கலாம்.

சரி, பிறர் படிக்க முடியாதபடி பேக்கப்பைப் பூட்டி வைக்கும் மறையாக்கம் என்ன ஆகும்? பழைய கணக்கோடு பூட்டப்பட்டது புதிய கணக்கில் திறக்குமா என்ற பயம் நியாயமானது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். வாட்ஸ்அப்பை வடிவமைத்தவர்கள் பெட்டியை ஓரிடத்திலும் சாவியை வேறிடத்திலும் வைத்திருக்கிறார்கள். பெட்டி கூகுள் கணக்கில் இருக்கிறது. சாவிக்கும் கூகுள் கணக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சாதாரண பேக்கப்பில் சாவி உங்கள் போன் எண்ணைச் சார்ந்தது. போனுக்குள் அது வாட்ஸ்அப் தவிர வேறு எதுவும் எட்டிப் பார்க்க முடியாத பகுதியில் கிடக்கும். புதுப் போனில் வாட்ஸ்அப்பை நிறுவி, எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைக் கொடுத்து நீங்கள்தான் என்று நிரூபித்ததும், வாட்ஸ்அப்பின் சர்வர் அந்தச் சாவியைத் தருகிறது. கூகுளிடமிருந்து பெட்டி வருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் உரையாடல் திறக்கும். மீட்கும்போது "அதே போன் எண், அதே கூகுள் கணக்கு" என்று இரண்டையும் கேட்பது இதனால்தான்.

2021 அக்டோபரில் இன்னொரு அடுக்கு வந்தது. End-to-end encrypted backup என்று அமைப்புகளில் பார்த்திருப்பீர்கள். அதை இயக்கினால் போனே 256 பிட் நீளத்தில் ஒரு சாவியைக் குலுக்கல் முறையில் உருவாக்குகிறது. அதை நீங்களே வைத்துக்கொள்வதானால் 64 எழுத்துகளாகத் திரையில் காட்டும். 0 முதல் 9 வரையும் a முதல் f வரையும் பதினாறு குறிகளால் எழுதும் பதினாறடிமான முறையில் ஓர் எழுத்து 4 பிட். 64 எழுத்து என்றால் சரியாக 256. சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையைப் பதின்மத்தில் எழுதினால் 78 இலக்கம் வரும். ஊகித்துக் கண்டுபிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

அதை யார் நினைவில் வைத்துக்கொள்வது? ஆகவே பலர் கடவுச்சொல்லைத் தேர்வு செய்கிறார்கள். "என் கடவுச்சொல்லால் பேக்கப் பூட்டப்பட்டிருக்கிறது" என்று அவர்கள் நினைப்பது முழுச் சரியல்ல. பேக்கப்பைப் பூட்டுவது அந்த 256 பிட் சாவிதான். கடவுச்சொல் பாதுகாப்பது சாவியை. வீட்டுச் சாவியை எண்பூட்டு போட்ட சின்ன இரும்புப் பெட்டிக்குள் வைத்தது போல. பெட்டியின் எண்ணை மாற்றுவதற்காக யாரும் வீட்டுக் கதவின் பூட்டைக் கழற்றுவதில்லை. கடவுச்சொல்லை மாற்றும்போது பல ஜிபி பேக்கப்பை மறுபடி பூட்டி ஏற்றத் தேவையில்லாமல் போவது இந்த அமைப்பின் அழகு. அந்த இரும்புப் பெட்டி, வாட்ஸ்அப்பின் தரவு மையங்களில் உள்ள வன்பொருள் பாதுகாப்பு அலகு. கடவுச்சொல் என்னவென்று அதை நடத்துபவர்களுக்கே தெரியாதபடி சரிபார்க்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் தவறாகப் போட்டால் சாவியை நிரந்தரமாக எட்டாதபடி செய்துவிடும். அப்புறம் யார் காலில் விழுந்தாலும் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டில் எங்கேயும் மின்னஞ்சல் முகவரி வரவில்லை. எனவே கணக்கு மாறினாலும் மறையாக்கம் குறுக்கே நிற்காது.

இப்போது நெல்லிக்குப்பத்து வாசகியின் போனுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் Settings, அதற்குள் Chats, அதற்குள் Chat backup. அந்தத் திரையில் Google Account என்ற வரியில் இன்னும் கல்லூரி முகவரிதான் இருக்கிறது. போனில் புதுக் கணக்கைச் சேர்த்தால் வாட்ஸ்அப்பும் தானாக அதற்கு மாறிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள்; மாறாது. அந்த வரியைத் தொட்டுப் புதுக் கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு Back up பொத்தானை அழுத்த வேண்டும்.

அழுத்தும் முன் இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். முன்பு ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பை கூகுள் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அந்தச் சலுகை 2024-இன் முதல் பாதிக்குள் எல்லோருக்கும் முடிந்துபோனது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் மெயில், புகைப்படம், பேக்கப் எல்லாம் அடங்க வேண்டும். அவர் கணக்கில் கல்லூரியிலிருந்து வந்த மெயிலும் கோப்புகளும் புகைப்படங்களும் சேர்ந்து 9 ஜிபி போய்விட்டது, மீதி 6. வாட்ஸ்அப்பிலோ வீடியோவோடு 11 ஜிபி. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது குடும்பக் குழுவில் குவிந்த வெள்ள வீடியோக்களே அதில் கணிசம் என்கிறார். Include videos என்பதை அணைத்தால் 4 ஜிபியாகக் குறைகிறது. அது கொள்ளும். வீடியோக்களை யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினிக்கு எடுத்துக்கொள்ளலாம். அவை இருக்கும் இடம்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Video
```

புதுக் கணக்கில் முன்பு எதுவும் இல்லாததால் முதல் பேக்கப் முழுதாக ஏறும். மறுநாளிலிருந்து மாறியவை மட்டும். 4 ஜிபி என்பது 32,000 மெகாபிட். வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் 6,400 வினாடி, அதாவது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சார்ஜரில் போட்டு, வைஃபையில் விட்டுவிட வேண்டியதுதான்.

முடிந்ததா என்பதை இரண்டு இடத்தில் பார்க்கலாம். Chat backup திரையில் புது முகவரியும் இன்றைய தேதியும் பொருத்தமான அளவும் இருக்க வேண்டும். அதோடு டிரைவ் செயலியில் புதுக் கணக்கைத் தேர்ந்தெடுத்து Backups பகுதியில் வாட்ஸ்அப் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை போனை ரீசெட் செய்யக்கூடாது, வாட்ஸ்அப்பை நீக்கக்கூடாது, போன் எண்ணையும் மாற்றக்கூடாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் புதுப் போன் வாங்குகிற அன்றுதான். புதுக் கணக்கை மட்டும் போட்டு வாட்ஸ்அப்பை நிறுவுவார்கள், பேக்கப் இல்லை என்று திரை சொல்லும், Skip அழுத்திவிடுவார்கள். அப்போதும் பழைய கணக்கு உயிரோடு இருந்தால் பதற வேண்டாம். அந்தக் கணக்கைப் போனில் சேர்த்து, வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி நிறுவினால் பேக்கப்பைக் காட்டும். பழைய கணக்கு மூடப்பட்டு, பழைய போன் மட்டும் கையில் இருந்தால் Chats பகுதியில் உள்ள Transfer chats கைகொடுக்கும். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் இரண்டு போன்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். கூகுள் கணக்கே தேவைப்படாது. புதுப் போனில் எண்ணைப் பதிவு செய்தபின், பேக்கப் கேட்கும் திரைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இந்த வேலையைச் செய்து தருவதாகக் கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சில கடைகளில் முன்னூறு, ஐந்நூறு கேட்கிறார்கள். கேட்பது காசு மட்டும் என்றால் போகட்டும். ஓடிபியையும் கூகுள் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். மேலே சொன்ன பெட்டியையும் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுப்பதற்குப் பெயர் அதுதான். பேக்கப் வேகமாக ஏறும் என்று "க்ளீனர்" செயலி போடச் சொல்வது எலுமிச்சம்பழம் கட்டுவதற்குச் சமம். என் கேள்வி வேறு: மெயிலையும் கோப்பையும் ஒரு பொத்தானில் மாற்றித் தரத் தெரிந்தவர்கள், "மறைவான செயலித் தரவு இதில் வராது" என்று அதே திரையில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, பழைய கணக்கில் கிடக்கும் நகல். புது பேக்கப் உறுதியானதும் அதைத் தானாக யாரும் அழிக்கமாட்டார்கள். ஐந்து மாதம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் நீக்கப்படும். கல்லூரி கணக்கையே மூடினால் அதோடு போகும். அதுவரை காத்திருக்க விருப்பமில்லை என்றால், டிரைவின் அதே Backups பகுதியில் பழைய கணக்கைத் தேர்ந்தெடுத்து நீங்களே நீக்கிவிடலாம். போனில் இருக்கும் உரையாடல்களை அது தொடாது.