வீடு விற்பவரின் ரெஸ்யூமே: எதை எதால் வகுத்தீர்கள்?

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் ஒரு நிறுவனத்துக்கு விற்பனை ஆலோசகர் தேவைப்பட்டார். அறிவிப்பில் நான்கு எதிர்பார்ப்புகள் இருந்தன: சைட் விசிட் நடத்திய அனுபவம், அதை விற்பனையாக மாற்றிய விகிதம், வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி பதிவு, வட்டார நிலவரம். ஆள்தேர்வுப் பணியில் இருக்கும் என்னிடம் வந்த ஒரு ரெஸ்யூமேயில் "கன்வர்ஷன் 37%" என்று தடித்த எழுத்தில் இருந்தது. துறை தெரிந்தவர் எவரும் நம்பத் தயங்கும் எண் அது.

அந்த இளைஞரை அழைத்து, அவருடைய பதினொரு மாதக் குறிப்பேட்டை எடுத்து எண்ணச் சொன்னேன். 152 குடும்பங்கள் நேரில் வந்து வீடு பார்த்திருந்தன. அவற்றில் 38 குடும்பங்கள் மறுமுறையும் வந்தன. 14 குடும்பங்கள் முன்பணம் கட்டின. மூன்று குடும்பங்கள் வங்கிக் கடன் கிடைக்காமல் விலகிவிட, மீதி 11 குடும்பங்கள் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தன. அவர் 14-ஐ 38-ஆல் வகுத்திருந்தார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை; பழைய அலுவலகத்தில் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்களாம்.

அறிவிப்பு கேட்பது முதல் விசிட்டிலிருந்து வரும் கணக்கு. 152-க்கு 11 என்றால் சுமார் 7 சதவீதம். "குறைவாகத் தெரியுமே" என்று தயங்கினார். முன்பணத்தை ஏன் விற்பனையாக எண்ண மாட்டார்கள் என்பதை விளக்கினேன். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆகவே பெரும்பணம் வருவது ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். நாங்கள் எழுதிய வரி இது: "11 மாதங்களில் 152 குடும்பங்களுக்கு சைட் விசிட், 38 மறுவருகை, 14 முன்பதிவு, 3 ரத்து, 11 ஒப்பந்தப் பதிவு." ரத்தை மறைக்காத ரெஸ்யூமேயை நான் இருமுறை படிப்பேன்.

அடுத்த வரி எனக்குக் கவலை தந்தது. "ரெரா உரிமம் பெற்றவர்" என்று எழுதியிருந்தார். முகவர் பதிவு அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அவர் அங்கே ஊழியர். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "ரெராவில் பதிவு பெற்ற முகவர் நிறுவனத்தில் விற்பனை ஊழியர்" என்று திருத்தி, நிறுவனத்தின் பதிவு எண்ணைச் சேர்த்தோம்.

வட்டார நிலவரம் என்ற இடத்தில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று ஊர்ப்பெயர்கள் மட்டும் இருந்தன. பெரும்பாக்கத்தில் வீடு பார்க்க வருபவர்கள் என்ன கேட்பார்கள் என்றேன். யோசிக்காமல் சொன்னார்: "2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்பார்கள், சார். பக்கத்துக் குடியிருப்பின் காவலாளியிடமே அழைத்துப்போய்க் கேட்க வைப்பேன்."

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். இதெல்லாம் ரெஸ்யூமேயில் எழுதுகிற விஷயமா என்று திருப்பிக் கேட்டார். ஊர்ப்பெயர்களை அடித்துவிட்டு அதைத்தான் எழுதினோம்.