லாபத்துக்கு அல்ல, சரக்குக்குத்தான் ஜகாத்

ரமளான் நெருங்கினால் வியாபாரிகள் என்னிடம் கொண்டுவருவது மார்ச் 31-ல் முடித்த லாப நட்டக் கணக்கு. அதன் கடைசி வரியில் இருக்கும் நிகர லாபத்தைக் காட்டி, "இதுக்கு ரெண்டரை சதவீதம் எவ்வளவுன்னு போட்டுக் கொடுங்க பாய்" என்பார்கள். லாபம் குறைந்த வருஷம் என்றால் ஜகாத்தும் குறைந்துவிடும். நட்டம் என்றால் அந்த வருஷம் ஜகாத்தே இல்லை என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். வணிகக் கணக்கு எழுதுவது என் தொழில். சட்டம் சந்தேகமான இடங்களில் எங்கள் ஜமாஅத் ஹஜ்ரத்திடம் உட்கார்ந்து பேசித் தெளிந்துதான் ஜகாத் கணக்கு போடுகிறேன். இந்த ஆண்டும் முதலில் வந்தவர் லாபக் கணக்கோடுதான் வந்தார். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

வருமான வரி வருமானத்தின் மேல் விழுவது. ஜகாத் அப்படியல்ல. அது கையில் நிற்கும் செல்வத்தின் மேல் விழுவது. சந்திர ஆண்டு முடிகிற அந்த நாளில் உங்களிடம் இருக்கும் பணம், விற்பனைக்காக வைத்திருக்கும் சரக்கு, திரும்பி வரக்கூடிய கடன் எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. அதில் எவ்வளவு முதல், எவ்வளவு லாபம் என்று யாரும் கேட்கவில்லை. உமர் (ரலி) அவர்கள், அநாதைகளின் சொத்தை வியாபாரத்தில் போடுங்கள், ஜகாத் அதைத் தின்றுவிடாமல் இருக்கட்டும் என்று சொன்னதாக முவத்தாவில் வருகிறது. அநாதையின் சொத்தில் ஜகாத் கடமையா என்பதில் ஹனஃபி மத்ஹபின் கருத்து வேறு. அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஜகாத் லாபத்துக்கு மட்டும் என்றால் அது முதலை எப்படித் தின்னும் என்பதை மட்டும் யோசியுங்கள். சும்மா கிடக்கும் முதலிலும் ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. ஒருமுறை ஜகாத் கொடுத்த பணத்துக்கு மறு வருஷம் வேண்டியதில்லை என்று நம் பக்கம் சிலர் சொல்வதற்கும் இதுவே பதில். நான்கு மத்ஹபிலும் அப்படி ஒரு சட்டம் இல்லை.

அடுத்து வரும் பேச்சு, "கையில காசே இல்லையே பாய், எல்லாம் சரக்காத்தானே முடங்கிக் கிடக்குது" என்பது. இதற்கும் பழைய பதில் இருக்கிறது. ஹிமாஸ் என்பவர் தோலும் அம்பறாத்தூணியும் விற்றவர். உமர் (ரலி) அவரிடம் ஜகாத் கொடுக்கச் சொன்னபோது, என்னிடம் இவை மட்டும்தானே இருக்கின்றன என்றார். அவற்றுக்கு விலை போட்டு அதற்குரிய ஜகாத்தைக் கொடு என்றார்கள் உமர். எந்த விலை என்று கேட்பீர்கள். வாங்கின விலை இல்லை, அன்றைக்கு விற்கும் விலை. மொத்த வியாபாரி மொத்த விலையும் சில்லறை வியாபாரி சில்லறை விலையும் போட்டுக்கொள்ளலாம். வரிக் கணக்கில் அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதை எழுதுவது எங்கள் வழக்கம். அந்த எண்ணை அப்படியே எடுத்து ஜகாத்துக்குப் போட்டால் ஏழையின் பங்கு குறைந்துபோகும்.

மொத்தக் கணக்கையும் ஒரே மூச்சில் சொன்னவர் தாபியீன்களில் ஒருவரான மைமூன் இப்னு மிஹ்ரான். ஜகாத் நாள் வந்தால் உன்னிடம் உள்ள பணத்தைப் பார், சரக்குக்கு விலை போடு, வசதியுள்ளவர் தர வேண்டிய கடனைச் சேர், நீ தர வேண்டியதைக் கழி, மீதிக்கு ஜகாத் கொடு என்றார். இன்றைக்கும் நான் போடுவது இந்த வரிசைதான்.

இந்த ஆண்டு வந்தவரின் கணக்கையே பார்ப்போம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர், உள்நாட்டு ஊர் ஒன்றில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். லாபம் 4 லட்சம், அதனால் ஜகாத் 10,000 ரூபாய் என்று சீட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

ரமளான் முதல் நாளில் கடைச் சரக்கை எண்ணச் சொன்னேன். நோட்டில் 18,40,000 என்றிருந்த சரக்கு அன்றைய விற்பனை விலைக்கு 21,00,000 வந்தது. கல்லாவிலும் வங்கியிலும் 3,60,000. வர வேண்டிய பாக்கி 5,00,000. அதில் 80,000 ஊரை விட்டே போய்விட்ட ஒரு ஒப்பந்தக்காரர் தர வேண்டியது. அதை ஒதுக்கிவிட்டு 4,20,000 எடுத்துக்கொண்டோம். கடைக்குப் பின்னால் கொட்டகையில் பக்ரீத் விற்பனைக்காக வாங்கிக் கட்டி, தீவனம் போட்டு வளர்க்கும் கிடாக்கள் 22. அன்றைய விலை தலைக்கு 12,000 என்று 2,64,000. எல்லாம் சேர்ந்து 31,44,000. கம்பெனிகளுக்கும் மொத்த வியாபாரிக்கும் அவர் தர வேண்டியது 6,20,000. கடை வாடகை, ஆள் சம்பளப் பாக்கி 24,000. கழித்தால் 25,00,000. ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிசாபு வெள்ளிக்கு 612 கிராம். அதன் விலையைப் போல இது பல மடங்கு. நாற்பதில் ஒரு பங்கு 62,500 ரூபாய்.

10,000 எங்கே, 62,500 எங்கே! அவர் கணக்கில் ஏமாற்ற வந்தவர் அல்ல. ஐந்து வேளையும் முதல் சஃப்பில் நிற்பவர். இத்தனை வருஷமும் யாரும் அவருக்குச் சரக்கை எண்ணச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அலமாரி, தராசு, வெட்டும் இயந்திரம், சரக்கு ஏற்றும் வண்டி, கடைக் கட்டடம் இவற்றுக்கு ஜகாத் இல்லை. இவை விற்பதற்கு வாங்கியவை அல்ல. வீட்டுக்கடன் 14 லட்சத்தையும் கழிக்கலாமா என்று கேட்டார். இருபது வருஷத்துக்குப் பரந்து கிடக்கும் கடனை ஒரே வருஷத்தில் கழித்தால் பலருக்கு ஜகாத்தே வராது. இன்று கட்ட வேண்டிய நிலையில் உள்ள தவணையை மட்டும் கழியுங்கள் என்பதுதான் இக்கால அறிஞர்கள் பலரின் தீர்ப்பு, எங்கள் ஹஜ்ரத் சொல்வதும் அதுவே. ஷாஃபிகளுக்கு நிலைமை இன்னும் கண்டிப்பானது. அந்த மத்ஹபின் உறுதியான கருத்துப்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது. காயல்பட்டினத்துக்காரரும் கீழக்கரைக்காரரும் மேலே உள்ள கழித்தலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் ஆலிமிடம் கேட்டுவிடுங்கள்.

சேமிப்பில் ஒரே ஒரு குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. "போன மாசம் போட்ட பணத்துக்கு இன்னும் வருஷம் ஆகலையே" என்பார்கள். ஹனஃபி சட்டத்தில் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நிசாபு இருந்தால் போதும். நடுவில் வந்து சேர்ந்த பணம் ஏற்கனவே இருப்பதோடு சேர்ந்துகொள்ளும், ஒவ்வொரு ரூபாய்க்கும் தனித்தனியாக வருஷம் எண்ண வேண்டியதில்லை. சீட்டு போடுகிறவர்கள், இன்னும் எடுக்காத சீட்டில் இதுவரை கட்டிய தொகையை வர வேண்டிய பாக்கியாகச் சேருங்கள். வங்கி வட்டியைச் சேர்க்காதீர்கள். அது உங்கள் செல்வமே இல்லை. நன்மையை எதிர்பார்க்காமல் வெளியேற்ற வேண்டிய பணம், அதை ஜகாத்தாகக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கவும் முடியாது.

இனி ஆட்டுக்கு வருவோம். கொட்டகையில் நின்ற 22 கிடாக்களைக் காட்டி, "நாப்பது இருந்தாத்தானே ஆட்டுக்கு ஜகாத்?" என்றார். நாற்பது என்ற எண்ணிக்கை, பொது மேய்ச்சலில் மேய்ந்து, இனப்பெருக்கத்துக்காகவும் பாலுக்காகவும் வளர்க்கப்படும் ஆட்டுக்கு உரியது. விற்பதற்கென்றே வாங்கி, விலை கொடுத்துத் தீவனம் போடும் ஆடு சட்டத்தின் பார்வையில் சரக்கு. அது ஆணி மூட்டையோடு சேரும், மந்தையோடு சேராது. ஒரே ஒரு கிடா இருந்தாலும் அதன் விலை மொத்தத்தில் ஏறும்.

அவருக்கே சொந்த ஊரில் மேய்ச்சல் மந்தையும் இருக்கிறது. புறம்போக்கிலும் அறுத்த வயலிலும் மேய்ந்து, இரவில் கிடை போடும் செம்மறிகளும் கொஞ்சம் வெள்ளாடுகளும். இதற்கு நபி (ஸல்) வகுத்த அளவை அபூபக்ர் (ரலி), அனஸ் (ரலி) அவர்களைப் பஹ்ரைனுக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்தார்கள். புகாரியில் இருக்கிறது. 40 முதல் 120 வரை ஒரு ஆடு. 121 முதல் 200 வரை இரண்டு. 201 ஆனால் மூன்று. 400 ஆனால் நான்கு, பிறகு ஒவ்வொரு நூறுக்கும் ஒன்று. செம்மறியும் வெள்ளாடும் ஒரே இனமாகச் சேர்த்தே எண்ணப்படும்.

அவரிடம் வளர்ந்த ஆடு 104. போன ரமளானிலும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் ஒரு ஆடு என்றார். குட்டி எத்தனை என்று கேட்டேன். 22 என்றார். "குட்டியையுமா எண்ணுவாங்க பாய்?" தாய்கள் நிசாபு அளவுக்கு இருக்கும்போது குட்டியும் எண்ணிக்கையில் வரும். தாயிஃப் பகுதிக்கு ஜகாத் வசூலிக்கப் போன சுஃப்யான் இப்னு அப்துல்லாஹ்விடம் மக்கள் இதையேதான் கேட்டார்கள். இடையன் கையில் தூக்கிவரும் குட்டியையும் எண்ணு, ஆனால் அதை எடுக்காதே என்றார்கள் உமர். இறைச்சிக்காகக் கொழுக்க வைத்தது, பால் கொடுக்கும் தாய், சினை ஆடு, பொலி கிடா இவற்றையும் எடுக்கக் கூடாது. குட்டியை எண்ணுவதால் உடைமையாளருக்குச் சுமை, நல்ல ஆடுகளை விட்டுவைப்பதால் அவருக்குச் சலுகை. 104-ம் 22-ம் சேர்ந்து 126. கொடுக்க வேண்டியது ஒரு வயது நிரம்பிய நடுத்தர ஆடு இரண்டு. ஹனஃபிகள் அதன் விலையைக் கொடுத்தாலும் செல்லும், ஷாஃபிகள் ஆடாகவே கொடுக்க வேண்டும்.

இந்த மந்தைக்கு விலை போட்டுப் பணத்தோடு கூட்டிவிடாதீர்கள். அதன் கணக்கு தனி. மாட்டுக்கும் தனிக் கணக்குதான், முப்பதில் தொடங்கும். ஆனால் தொழுவத்தில் கட்டி, புண்ணாக்கும் தவிடும் வைத்துக் கறக்கும் பால் மாடு முப்பது இருந்தாலும் மாட்டுக்கு ஜகாத் இல்லை. பால் விற்ற பணத்தில் ஆண்டு முடிவில் மிஞ்சியிருப்பது சேமிப்பில் சேரும்.

ஆகவே தயவுசெய்து லாப நட்டக் கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் ஜகாத் தேதியைச் சந்திர மாதத்தில் குறித்து வையுங்கள். மார்ச் 31-ஐப் பிடித்துக்கொண்டால் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் தள்ளிப்போய், முப்பத்து மூன்று ஆண்டில் ஒரு முழு ஜகாத் விடுபட்டுவிடும். அந்தத் தேதியில் கடையை அரை நாள் சாத்திவிட்டுச் சரக்கை எண்ணுங்கள். மதிப்பாக ஒரு தொகை சொல்லாதீர்கள்.

இதுவரை லாபத்துக்கு மட்டும் கொடுத்துவந்தவர்கள் அதை விட்டுத் தள்ள முடியாது. குறைந்த தொகை உங்கள் மேல் கடனாக நிற்கிறது. பழைய ஆண்டுகளின் சரக்கிருப்புப் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம், பாக்கி நோட்டு மூன்றையும் எடுத்து வாருங்கள். வருஷவாரியாக உட்கார்ந்து கணக்கிட்டு, ஏற்கனவே கொடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணை பிரித்துக் கொடுங்கள். அந்த இரும்புக்கடைக்காரர் எட்டு வருஷத்து நோட்டுகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார், நான்காவது வருஷம் வரை பார்த்து முடித்திருக்கிறோம்.