ஒரே வயிற்றில் இரண்டு நிறம்

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகும் மூத்த பெண்கள் சிலர், குழந்தையின் காது விளிம்பையும் நகக்கண்ணையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்ப வெள்ளையாய்த்தான் தெரியும், போகப்போகக் கறுக்கும்" என்று சொல்வதுண்டு. அந்தக் கணிப்பில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பிறந்தவுடன் வெளிறியிருக்கும் தோலில் மெலனின் நிறைவதற்குச் சில மாதங்கள் எடுக்கும். ஆனால் தாய் பாலில் கலந்து குடித்த குங்குமப்பூவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பிள்ளையின் இயல்பான நிறத்துக்குரிய பரம்பரையலகுகள் கருக்கட்டும்போதே அமைந்துவிடுகின்றன.

மெலனினை உருவாக்கும் கலங்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உருவாக்கும் நிறமணிகளின் பருமனும் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. இதில் பங்கெடுக்கும் பல பரம்பரையலகுகளுள் எஸ்எல்சி24ஏ5 என்பது முக்கியமானது. வெளிறிய நிறமுள்ள ஒருவகை வரிக்குதிரை மீனை ஆராய்ந்தவர்கள் 2005ஆம் ஆண்டில் இதன் பங்கை வெளியிட்டார்கள். இதன் கருமை வடிவமும் வெளிர் வடிவமும் இலங்கைத் தமிழரிடையே கலந்தே காணப்படுகின்றன.

பொது நிறமுள்ள ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவரிடமும் இரு வடிவங்களும் ஒவ்வொன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வெளிர் வடிவங்கள் கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு கருமை வடிவங்கள் கிடைக்கும் வாய்ப்பும் அதேயளவு. மீதிப் பாதி வாய்ப்பில் பெற்றோரைப் போலவே கலப்பாக அமையும். மூத்தவள் சிவலையாகவும் இளையவள் கறுப்பாகவும் இருப்பதற்கு இவ்வளவே போதும். இந்தச் சீட்டுக் குலுக்கலின் விளைவுக்காகத்தான் இளையவளுக்குச் சம்பந்தம் பேசும்போது சீதனத்தைக் கூட்டிக் கேட்கிறார்கள்.

பேரப்பிள்ளைகள் வெள்ளையாகப் பிறக்க வேண்டுமென்று சிவந்த பெண்ணைத் தேடுவோரின் கணக்கும் உறுதியானதன்று. மற்றப் பரம்பரையலகுகளின் தயவால் சிவந்து தெரிபவளிடமும் ஒரு கருமை வடிவம் மறைந்திருக்கலாம். தரகர் கொண்டுவரும் படத்தில் அது தெரியாது. அந்தப் படத்தில் ஸ்டூடியோ வெளிச்சம் எவ்வளவு, தோல் எவ்வளவு என்பதும் தெரியாது.

விளம்பரங்கள் வேறொரு உண்மையைப் பயன்படுத்துகின்றன. வெயிலில் கறுத்த மேற்றோல் ஏறத்தாழ ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் புதுப்பிக்கப்படுவதால், வெயிலைத் தவிர்த்தாலே முகம் படிப்படியாக வெளிறும். 1975இல் இந்தியாவில் அறிமுகமாகி, 2020இல் பெயரிலிருந்த 'ஃபெயர்' என்ற சொல்லைக் கைவிட்ட கிறீம் உட்பட, இவ்வகைப் பூச்சுகள் பலவற்றில் உள்ள நயசினமைட்டு, நிறமணிகள் மேற்றோல் கலங்களுக்குச் செல்வதைச் சிறிதளவு குறைக்கிறது. பூசுவதை நிறுத்தினால் அந்த விளைவும் போய்விடும். ஒருவருடைய இயல்பான நிறத்தை அறிய, ஆய்வாளர்கள் வெயில் படாத மேற்கையின் உட்புறத்தை அளக்கிறார்கள். வாரக்கணக்கில் பூசியும் முகம் அந்த இடத்தைவிட வெகுவாக வெளுத்துப் போகிறதென்றால், கிறீமில் பாதரசமோ ஸ்டெரொயிட்டோ கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். பாதரசம் மெலனினை உருவாக்கும் நொதியத்தைத் தடுப்பதோடு தோலூடாக உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பெயர்ச்சீட்டில் தயாரிப்பாளரின் முகவரியோ சேர்பொருள்களின் பட்டியலோ இல்லாத டப்பாக்களில் இந்த ஆபத்து அதிகம்.