வார்டு, வாரிசு, சார்ந்தோர்

கல்லூரிச் சேர்க்கை அறிவிப்புகளில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள்: "முன்னாள் படைவீரர் வார்டு, பணியாளர் வார்டு ஆகியோருக்குக் கட்டணச் சலுகை உண்டு. உரிய சான்றிதழை இணைக்கவும்." தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமங்களில் இதைப் படிக்கும் பெற்றோருக்கு இரண்டு வார்டுகள் தெரியும். ஒன்று ஆஸ்பத்திரியில் இருப்பது. மற்றது பேரூராட்சித் தேர்தல் வந்தால் வாக்குக் கேட்டு வருவது. இந்த மூன்றாவது வார்டு யார் என்பதில்தான் பலருக்கும் அலைச்சல் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழைய பொருள் காவல். காக்கப்படும் இடத்துக்கும் அதுவே பெயர், காக்கப்படும் ஆளுக்கும் அதுவே பெயர். இடத்தைக் குறித்த பொருள் ஆஸ்பத்திரிக்கும் நகராட்சிக்கும் போயிற்று. ஆளைக் குறித்த பொருள் சட்டத்துக்குள் நுழைந்து, பாதுகாவலர் ஒருவரின் பொறுப்பில் இருக்கும் சிறாரைக் குறித்தது. சென்னை மாகாணத்தில் வயது வராத ஜமீன்தார்களின் சொத்தை அரசே எடுத்து நிர்வகித்த 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' ஏற்பாட்டில் இருக்கும் வார்டு இதுதான். அதற்கென்று 1902இல் தனிச் சட்டமே இருந்தது. நம் நாட்டுப் பள்ளிகளும் கல்லூரிகளும் இந்தச் சட்டச் சொல்லை எடுத்து, பெற்ற பிள்ளைக்கே பெயராக வைத்துவிட்டன. ஆக, கல்லூரி அறிவிப்பில் வரும் வார்டு என்பது மகன் அல்லது மகள். அவ்வளவுதான்.

ஆனால் வார்டு என்ற ஒலி காதில் விழுந்ததும் 'வாரிசு' நினைவுக்கு வந்துவிடுகிறது. விண்ணப்பப் படிவங்களிலும் சிலர் "முன்னாள் படைவீரர் வாரிசு" என்றே அச்சிடுகிறார்கள். வாரிசு அரபு மூலத்திலிருந்து வந்த சொல். சொத்துக்கு உரியவர் என்பது அதன் பொருள். வருவாய்த் துறை தரும் வாரிசுச் சான்றிதழ், ஒருவர் இறந்த பிறகு அவருக்கு உரியவர்கள் யார் யார் என்று வட்டாட்சியர் எழுதித் தருவது. படிவத்தில் 'வாரிசு' என்று கண்ட தகப்பனார் இ-சேவை மையத்துக்குப் போய் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டால், அங்கே முதலில் கேட்கப்படுவது இறப்புச் சான்றிதழ். "யாருடையது?" என்று அவர் கேட்க, "உங்களுடையதுதான்" என்று பதில் வந்தால் எப்படி இருக்கும்? சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் சேர்க்கைக்கு நான்கு நாள் இருக்கும்போது இதில் இரண்டு நாள் போய்விட்டால் சிரிப்பு வராது.

கல்லூரி கேட்கும் தாளுக்கு அரசுத் தமிழில் நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது: சார்ந்தோர் சான்று. ஒருவரைச் சார்ந்து, அவர் வருமானத்தில் வாழ்கிற குடும்பத்தார் சார்ந்தோர். 'சார்' என்ற வினையில் ஒட்டியிருத்தல், ஆதாரமாகக் கொள்ளுதல் என்ற இரண்டு பொருளும் உண்டு. இங்கே இரண்டும் பொருந்துகின்றன. பிள்ளைகளை மட்டும் குறிக்கும்போது நலத்துறை 'சிறார்' என்று எழுதுகிறது. இருபது வயதுப் பெண்ணைச் சிறார் என்பது எனக்குச் சற்று நெருடுகிறது. மாணவரைக் குறிக்க 'பிள்ளைகள்', தாளைக் குறிக்க 'சார்ந்தோர் சான்று' என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

அந்தச் சான்றைத் தருவது வட்டாட்சியர் அலுவலகம் அல்ல. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். கையெழுத்திடுபவர் அங்குள்ள உதவி இயக்குநர். இங்கே இன்னொரு சொல் குறுக்கே வருகிறது. நம் ஊர்களில் சீருடை போட்டு வடக்கே போய்விட்டு வந்த எல்லோருமே 'மிலிட்டரிக்காரர்'. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. முன்னாள் படைவீரர் என்பது தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய முப்படைகளில் பணியாற்றி, விதிகளில் சொன்ன முறையில் விடுவிக்கப்பட்டவரைக் குறிக்கும். சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஐ.எஸ்.எஃப். ஆகியவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்திய ஆயுதக் காவல் படைகள். அவற்றில் இருந்து ஓய்வு பெற்றவர் காஷ்மீரில் துப்பாக்கியோடு நின்றிருந்தாலும் நல அலுவலகத்தின் கணக்கில் முன்னாள் படைவீரர் ஆகமாட்டார். அவர்களுக்கென்று தனி நல ஏற்பாடு உண்டு. கல்லூரி தன் சலுகையை அவர்களுக்கும் தருகிறதா என்பதைக் கல்லூரியிடமே நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல அலுவலகத்துக்குப் போகும்போது படைவிலகல் புத்தகம், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஓய்வூதிய ஆணை, பிள்ளையின் பிறப்புச் சான்று அல்லது பள்ளி மாற்றுச் சான்று, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றின் அசலும் நகலும் கையில் இருக்க வேண்டும். 'டிஸ்சார்ஜ் புக்' என்று வீட்டில் சொல்லும் படைவிலகல் புத்தகம்தான் இவற்றில் தாய்ப் பத்திரம். அதில் குடும்ப விவரம் எழுதிய பக்கம் ஒன்று இருக்கும். அலுவலர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார். அதில் பிள்ளையின் பெயர் இருந்து, பள்ளிச் சான்றோடு பொருந்தினால் வேலை சுலபமாக முடியும். பொருந்தாவிட்டால்தான் கதை நீளும்.

பொருந்தாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். குழந்தை பிறந்தபோது தகப்பனார் எங்கோ எல்லையில் இருந்திருப்பார். வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் இருந்த பெயரைப் படைப்பிரிவில் தெரிவித்திருப்பார். 'பார்ட் டூ ஆர்டர்' எனப்படும் ஆணையில் அது வெளியாகி ஆவணத்தில் ஏறிவிடும். தொட்டில் பெயர் செல்வி என்று அங்கே நிற்க, பள்ளியில் தமிழ்ச்செல்வி என்று சேர்த்திருப்பார்கள். அல்லது பிறந்த தேதி மாறியிருக்கும். அல்லது ஓய்வு பெற்ற பிறகு பிறந்த கடைக்குட்டியின் பெயர் புத்தகத்தில் இடம்பெற்றே இருக்காது. இவற்றை நல அலுவலகமே அடித்துத் திருத்த முடியாது. அவர் எந்தப் படைப்பிரிவோ அதன் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் பொறியாளர் குழு என்றால் பெங்களூரு. நல அலுவலகம் வழியாகவே அதை அனுப்பலாம், ஆனால் சேர்க்கை நடக்கும் வாரத்தில் முடிகிற காரியம் இல்லை. பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே அந்தக் குடும்பப் பக்கத்தை ஒருமுறை பள்ளிச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமான பிறகு, அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இனி 'கன்செஷன்' என்ற சொல்லுக்கு வருவோம். லத்தீனில் அதன் வேர் விட்டுக்கொடுத்தல் என்று பொருள்படும். நாம் வழங்கும் சலுகை அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. "மாமா வீட்டில் அவனுக்குச் சலுகை அதிகம்" என்று சொல்கிறோமே, அதே சலுகைதான்: தருபவர் மனம் வைத்துத் தருவது. தனியார் கல்லூரிகள் உடன்பிறந்தோருக்கும் பணியாளர் பிள்ளைகளுக்கும் தருவது இந்த வகை. எவ்வளவு, எத்தனை ஆண்டு, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் அந்தந்த நிர்வாகத்தின் முடிவு. 'விலக்கு' வேறு, அரசு ஆணையின்படி கட்டணமே கேட்கக் கூடாது என்ற நிலை அது. 'ஒதுக்கீடு' இன்னும் வேறு. பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதில் இடம் கிடைத்தால் கட்டணமும் குறையும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒதுக்கீடு தருவது இடத்தை மட்டும்தான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். பாபநாசம் வட்டத்துக்காரர், ஓய்வு பெற்ற ஹவில்தார், இப்போது கும்பகோணம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் வாசலில் காவலராக இருக்கிறார். மகன் அதே கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு. மகள் இந்த ஆண்டு பி.எஸ்சி. சேர்கிறாள். ஆண்டுக்கு மொத்தம் 52,000 ரூபாய். அறிவிப்பில் பணியாளர் பிள்ளைகளுக்கு 50 சதவீதம், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 20, உடன்பிறந்தவர் படித்தால் இரண்டாவது பிள்ளைக்கு 10 என்று போட்டிருக்கிறது. மூன்றும் தனக்குப் பொருந்துவதாக அவர் கூட்டிப் பார்க்கிறார்: 80 சதவீதம், 41,600 ரூபாய் குறையும்.

அலுவலகத்தில் நடப்பது வேறு. பணியாளர் சலுகைக்கு நியமன ஆணையும் சம்பளச் சீட்டும் கேட்கிறார்கள். சம்பளச் சீட்டில் இருப்பது காவலர்களை அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர். அவர் தினமும் நிற்பது கல்லூரி வாசலில்தான் என்றாலும் கல்லூரியின் பணியாளர் பட்டியலில் அவர் இல்லை. அந்த 50 போயிற்று. மீதி இரண்டில் ஏதாவது ஒன்றுதான் தருவார்கள் என்பது அறிவிப்பின் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. அதுவும் 'கல்விக் கட்டணத்தில்' மட்டும். 52,000இல் கல்விக் கட்டணம் 30,000தான். மற்றதெல்லாம் ஆய்வகம், தேர்வு, பேருந்து. உடன்பிறந்தோர் சலுகை என்றால் 3,000 குறையும், படைவீரர் சலுகை என்றால் 6,000. சார்ந்தோர் சான்று வாங்க அலைய வேண்டுமே, அண்ணனின் கல்லூரி அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் கொடுத்தால் போதுமே என்று சிறியதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் பார்க்கத் தவறுவது அடுத்த ஆண்டை. இருவரும் ஒரே காலத்தில் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அண்ணன் பட்டம் பெற்று வெளியேறியதும் தங்கையின் சலுகையும் நின்றுவிடும். படைவீரர் சலுகைக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஆகவே இவருக்கு உகந்தது 6,000. மகள் கட்ட வேண்டியது 46,000.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அரசு தருவது, தொழிற்கல்விக்கானது, ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் பொறியியல் படித்து அதை வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது. வாங்கவில்லை என்று கூட்டு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே கையால் உடன்பிறந்தோர் சலுகைக்கு அண்ணனின் விவரத்தையும் கொடுத்தால் அலுவலகத்தில் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்க்க வெகுநேரம் ஆகாது. பிரதமரின் கல்வி உதவித்தொகை இன்னொரு கதை. முன்னாள் படைவீரரின் மகளுக்கு மாதம் 3,000, மகனுக்கு 2,500 என்று 2019 முதல் உயர்த்தப்பட்ட அது மத்திய படைவீரர் வாரியத்தின் வழியாக வருவது. குறிப்பிட்ட தொழிற்படிப்புகளின் முதலாண்டில் விண்ணப்பிப்பது. சாதாரண பி.எஸ்சி.க்கு அதை எதிர்பார்க்க முடியாது.

சலுகை விண்ணப்பத்தை முதல் தவணை கட்டுவதற்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்வதாகச் சொல்வார்கள். ரசீதில் முழுக் கட்டணம், சலுகை, செலுத்திய தொகை ஆகிய மூன்றும் தனித்தனி வரியாக அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 46,000 என்று மொத்தமாக மட்டும் போட்டிருந்தால், இரண்டாம் ஆண்டில் அதே கணக்கு அலுவலகம் 6,000 ரூபாய் பாக்கி என்று மகளைத் தேர்வறை வாசலில் நிறுத்தக்கூடும்.