குன்றலும் மெலிவும்

குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் அதில் 'குள்ளத்தன்மை' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்டண்டிங் என்பதற்கு இதைப் போடுகிறார்கள். வேஸ்டிங் என்பதற்கு 'உடல் விரயம்' என்றும் 'வீணாதல்' என்றும் எழுதுகிறார்கள். அண்மையில் என் கைக்கு வந்த ஒரு பயிற்சிக் கையேட்டில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தன. அங்கன்வாடிப் பணியாளர்கள் இதைப் படித்துவிட்டுத் தாய்மாருக்கு விளக்க வேண்டுமாம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் போவது ஸ்டண்டிங். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் போவது வேஸ்டிங். முன்னது மாதக்கணக்கில், பல சமயம் கருவிலிருந்தே, மெல்ல மெல்லச் சேர்வது. பின்னது சில வாரங்களிலேயே வந்துவிடும். ஒரு நீண்ட வயிற்றுப்போக்கு போதும். ஒரு காலத்தில் இரண்டையும் பிரிக்காமல், வயதுக்கு எடை எவ்வளவு என்று மட்டும் பார்த்தார்கள். மெக்சிகோ மருத்துவர் கோமஸ் 1956-இல் வெளியிட்ட வகைப்பாடு அப்படிப்பட்டதுதான். 1972-இல் வாட்டர்லோ என்ற மருத்துவர் இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆகவே 'எடைக்குறைவு' என்பது இவை இரண்டுமே அல்ல, இரண்டும் கலந்து தெரியும் மூன்றாவது அளவு. வேஸ்டிங் என்று வரும் இடத்தில் 'எடைக்குறைவு' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'விரயம்' என்பதைத் தள்ளிவிட அதிக நேரம் தேவையில்லை. தமிழில் பணம் விரயமாகும், நேரம் விரயமாகும், ஜாதகத்தில் பன்னிரண்டாம் இடம் விரய ஸ்தானம். குழந்தையின் உடம்பு விரயமாகாது. தசையும் கொழுப்பும் கரைந்துபோவதை நம்மவர்கள் மெலிதல் என்றுதான் சொல்கிறார்கள். 'பிள்ளை மெலிஞ்சு போச்சு' என்று சொல்லத் தெரியாத தாய் உண்டா? எனவே மெலிவு, தேவைப்பட்டால் உடல் மெலிவு. ஒல்லியாக இருப்பதெல்லாம் மெலிவா என்று ஒரு கேள்வி வரும். இல்லை, அதைத் தீர்மானிக்கக் கையைச் சுற்றி அளக்கும் நாடா இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். 'தேய்வு' என்றும் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். மூட்டுத் தேய்மானம் வந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது.

என் சண்டை முக்கியமாகக் 'குள்ளத்தன்மை'யோடுதான். எல்லோருக்கும் உடனே புரிகிறதே என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். புரிகிறதுதான், ஆனால் தவறாகப் புரிகிறது. குள்ளம் என்றதும் நம் மனம் பரம்பரைக்குப் போகும். 'அவங்க அப்பாவும் குட்டைதான், எங்க குடும்பமே அப்படி' என்று பாட்டி ஒரு வரியில் முடித்துவிடுவார். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. இந்தியாவில் தெற்கு தில்லிக் குழந்தைகள். தாய்ப்பாலும் நல்ல உணவும் சுத்தமான சூழலும் கிடைத்த இடங்களில் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். 2006-இல் வந்த வளர்ச்சி அளவுகோல் இதிலிருந்து பிறந்ததுதான். அதாவது ஸ்டண்டிங் என்ற கருத்தின் அடிப்படையே 'இது பரம்பரை இல்லை' என்பது. குடும்பத்தில் உயரம் குறைந்தவர்கள் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஊரில் நாலில் ஒரு குழந்தை அளவுகோலுக்குக் கீழே இருந்தால் அதற்குக் குடும்பச் சாயலைக் காரணம் காட்ட முடியாது. அந்தக் கருத்துக்குப் போய்ப் பரம்பரையை நினைவூட்டும் சொல்லைப் பெயராக வைக்கிறோம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதத்தினருக்கு இந்தப் பாதிப்பு. இதைக் 'கால்வாசிக் குழந்தைகள் குள்ளம்' என்று தலைப்பிட்டால் படிக்கிறவர் என்ன செய்வார்? உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

இன்னொரு குறை, குள்ளம் என்பது வசவு. அம்மாவின் முகத்துக்கு நேரே ஒரு பணியாளர் சொல்லக்கூடிய சொல் அது இல்லை.

'வளர்ச்சிக் குறைபாடு' என்ற மாற்றும் உண்டு. அது ரொம்ப அகலம். தலை நிற்காதது, பேச்சு வராதது எல்லாம் அதற்குள் வந்துவிடும். என் தேர்வு 'குன்றல்'. குன்றுதல் என்றால் குறைதல், வளர வேண்டியது வளராமல் போதல். தண்ணீர் போதாத பயிர் குன்றிப்போய்விட்டது என்கிறோம். விதையில் குற்றமில்லை, கிடைத்ததில் குறை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இதற்கும் ஓர் எதிர்ப்பு உண்டு, நியாயமானதுதான். 'மனவளர்ச்சி குன்றிய' என்று பல வருடம் பலகை எழுதி வைத்திருந்தோம், அதனால் 'வளர்ச்சிக் குன்றல்' என்றால் அந்த வாடை அடிக்கும். சரி, முதல் முறை 'உயரக் குன்றல்' என்று எழுதுங்கள், அப்புறம் குன்றல் போதும்.

'சவலை' என்ற பழைய சொல்லையும் சிலர் இங்கே கொண்டுவருகிறார்கள். அருமையான சொல், ஆனால் இதற்கு இல்லை. அடுத்த கரு தரித்ததால் தாய்ப்பால் கிடைக்காமல் நலிந்த பிள்ளைதான் சவலைப்பிள்ளை. கைகால் வீங்கும் ஊட்டக்குறைவுக்கு உலகம் வைத்திருக்கும் குவாஷியார்க்கர் என்ற பெயர் கானாவின் கா மொழியிலிருந்து வந்தது. அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பதே அதன் கருத்து. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930-களில் அதை மருத்துவ நூல்களுக்குக் கொண்டுவந்தார். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே காரணத்தைக் கண்டு பெயர் வைத்திருக்கின்றன. அந்தச் சொல்லைக் குன்றலுக்குச் செலவழித்துவிடக் கூடாது.

சொல் மாறினால் வேலையும் மாறிவிடும் என்பதற்கு இரண்டு வயதுச் சிறுமிகள் இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். முதல் குழந்தையின் நீளம் 78 சென்டிமீட்டர். அந்த வயதுப் பெண் குழந்தைக்கு நடு அளவு சுமார் 86. 80-க்குக் கீழே போனால் குன்றல். ஆனால் மேற்கையின் சுற்றளவு 14 சென்டிமீட்டர், கன்னம் கொழுகொழு. பார்த்தால் ஒன்றேகால் வயதுக் குழந்தை மாதிரி இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவது குழந்தை 85 சென்டிமீட்டர், 9.3 கிலோ, கை 11.8. இவள் குன்றவில்லை, மெலிந்திருக்கிறாள். இரண்டையும் 'சத்துக்குறைவு' என்ற ஒரே மூட்டையில் கட்டி, இருவருக்கும் எண்ணெயும் வெல்லமும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டாமவள் சில வாரங்களில் தேறிவிடுவாள். முதலாமவள் குண்டாவாளே தவிர உயரமாட்டாள். அவளுக்கு வேண்டியது முட்டை, பால், பயறு, கீரை என்று பலவகை உணவு, அடிக்கடி நோய்வாய்ப்படாத சூழல். அதுவும் இரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால் நல்லது.

கையை அளப்பதற்கு 'மேல் நடுக் கைச் சுற்றளவு' என்று ஆங்கிலத்தை வார்த்தை வார்த்தையாக அடுக்கி ஒரு தொடர் செய்திருக்கிறார்கள். 'மேற்கைச் சுற்றளவு' போதாதா? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இந்தச் சுற்றளவு பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் வயது சரியாகத் தெரியாத குழந்தைக்கும் இது உதவுகிறது. நாடாவில் 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை, 11.5 முதல் 12.5-க்குள் மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. சட்டைக் கையைக் கழற்றிவிட்டு, இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு கையைத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்ற வேண்டும். நாடா தோலோடு ஒட்டியிருக்கணும், ஆனால் தோல் சுருங்கக் கூடாது. இறுக்கினால் நல்ல குழந்தையும் மஞ்சளுக்கு வந்துவிடும், தளர்ந்தால் மெலிந்தது பச்சையில் ஒளிந்துகொள்ளும். கையை மடக்கியபடியே அளப்பதும், கண்மதிப்பில் தோளருகே சுற்றுவதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். இந்த நாடா குன்றலைக் காட்டாது. அந்த முதல் சிறுமி பச்சைதான்.

இன்னொன்று, 'மறுவாழ்வு'. ரீஹேபிலிடேஷன் என்பதற்கு அகதிக்கும் கைதிக்கும் போட்ட சொல்லை அப்படியே குழந்தைக்கும் போட்டுவிட்டார்கள். உடம்பு தேறுவது என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறது, பிள்ளையைத் தேற்றி எடுப்பது என்கிறோம். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் ஒரு தடவை அங்கன்வாடி வாசலில் நின்று கேட்டால் என்ன?

வீட்டில் தேற்றுவது எப்படி என்பதற்கு அந்த 9.3 கிலோ சிறுமியையே எடுத்துக்கொள்வோம். கை மஞ்சளில் இருக்கிறது, இரண்டு பாதத்தையும் மூன்று நொடி அழுத்திப் பார்த்தால் குழி விழவில்லை, காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறாள். இப்படி இருந்தால் மட்டுமே வீடு. கை சிவப்பில் இருந்தாலோ, பாதம் வீங்கியிருந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மிகவும் மெலிந்த உடம்பில் திடீரென்று உணவை ஏற்றுவதும் ஆபத்து.

இவளுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 முதல் 130 கலோரி, அதாவது சுமார் 900 முதல் 1,200 வரை வேண்டும். வயிறு ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 280 மில்லிதான் கொள்ளும். நீர்த்த கஞ்சி நூறு மில்லியில் 35 கலோரிதான் இருக்கும் என்று வைத்தால், ஒரு கிண்ணம் நிறையக் குடித்தாலும் 100 கலோரிதான். ஐந்து வேளை ஊட்டினாலும் பாதி வழிதான். பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிறாள், அம்மாவுக்குத் திருப்தி, கை மட்டும் ஏறாது. அதே கஞ்சியைக் கரண்டியிலிருந்து வழியாத அளவுக்குக் கெட்டியாக்கி, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் (90 கலோரி), இரண்டு மேசைக்கரண்டி அரைத்த நிலக்கடலை, கொஞ்சம் வெல்லம் சேர்த்தால் அதே கிண்ணத்தில் 250-ஐத் தாண்டும். கடலை முழுதாக வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பருப்பு சாதத்தில் நெய், தினம் ஒரு முட்டை, தாய்ப்பால் இருந்தால் அதைத் தொடர்வது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அவளுக்கு மட்டும். வீட்டில் எல்லோரும் பங்குபோட்டுக்கொண்டால் கணக்கு உதைக்கும்.

வாரம் ஒரு முறை அதே கையை அதே இடத்தில் அளந்து எழுதி வைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நாடா நகரவே இல்லையென்றால், ஊட்டுவதில் குறையா, வயிற்றில் புழுவா, காசநோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அளவிலும் 12.5-ஐத் தொட்டால் தேறிவிட்டாள் என்று கொள்ளலாம். நீளத்தையும் விட்டுவிடக் கூடாது. மெலிந்திருந்த மாதங்களில் உயரம் ஏறாமல் நின்றிருக்கும், மெலிவு அடிக்கடி வந்தால் குன்றலாக மாறும். இரண்டும் ஒரே குழந்தைக்குச் சேர்ந்து வருவதுதான் உயிருக்கு ஆபத்து அதிகம்.